பையருக்குப் பண்டிகை வாழ்த்து: எந்த நாளில், எந்தச் சொல்லில்?

ஒவ்வோர் ஆண்டும் ஈஸ்டருக்கு முந்தைய வெள்ளிக்கிழமை காலையில், நம் ஊர் அலுவலகங்களிலிருந்து 'ஹேப்பி குட் ஃப்ரைடே' என்ற வாழ்த்து கிளம்புகிறது. ரோஜாப் படமும் கம்பெனி லோகோவும் சேர்த்து அழகாகத்தான் அனுப்புகிறார்கள். அனுப்புகிறவர் மனத்தில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால் அன்று இயேசு சிலுவையில் அறையப்பட்டு உயிர்விட்ட நாள். கிறிஸ்தவர்கள் நோன்பிருந்து, மணி அடிக்காத ஆலயத்தில் அமைதியாக அமர்ந்து அந்த மரணத்தை நினைக்கும் நாள். ஜெர்மனியின் பல மாநிலங்களில் அன்று பொது இடத்தில் நடன நிகழ்ச்சி நடத்துவதற்குச் சட்டமே தடை போட்டிருக்கிறது. அந்த ஊரில் இருக்கும் பையருக்கு நம் ரோஜாப்பூ போய்ச் சேர்கிறது. அவர் கோபப்படமாட்டார். 'இது எனக்கென்று எழுதியது இல்லை, ஏதோ பட்டியலிலிருந்து வந்தது' என்று மட்டும் புரிந்துகொள்வார். அனுப்பியதன் பயன் அந்த இடத்திலேயே போய்விடுகிறது.

வெளிநாட்டு வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. திருப்பூரில் ஒரு மெர்ச்சண்டைசர் ஆண்டு முழுவதும் ஒரே பையரோடு நூற்றுக்கணக்கான மெயில் பேசுகிறார். எல்லாமே சாம்பிள், ஷேடு, ஷிப்மென்ட் தேதி, பேமென்ட். அவற்றுக்கு நடுவில், வேலை பேசாமல் வருவது பண்டிகை வாழ்த்து ஒன்றுதான். அந்த ஒன்றாவது அவரை நினைத்து எழுதியதாக இருக்க வேண்டும். அதற்கு வேத சாத்திர அறிவெல்லாம் தேவையில்லை. அந்த நாள் அவர் வாழ்க்கையில் என்ன நாள், எந்தத் தேதியில் வருகிறது, அன்று அவர் அலுவலகத்தில் இருப்பாரா என்ற மூன்றையும் தெரிந்துகொண்டால் போதும்.

லீவு எல்லாம் பண்டிகை இல்லை

பெரும்பாலான தவறுகளுக்கு ஒரே காரணம்தான். அலுவலகத்தில் வருட ஆரம்பத்தில் விடுமுறைப் பட்டியல் ஒன்று ஒட்டுவார்கள். வாழ்த்து அனுப்பும் பொறுப்பில் இருப்பவர் அந்தப் பட்டியலையே எடுத்து, ஒவ்வொரு நாளுக்கும் முன்னால் 'ஹேப்பி' சேர்த்துவிடுகிறார். ஆனால் அரசு விடுமுறை துக்கத்துக்கும் உண்டு.

புனித வெள்ளியை அடுத்து, நம் நாட்டில் அதிகம் தவறுவது மொஹரம். இந்தியாவில் விடுமுறை வருவது மொஹரம் மாதத்தின் பத்தாம் நாளில். கி.பி. 680-இல் கர்பலாவில் நபிகளின் பேரர் இமாம் ஹுசைன் கொல்லப்பட்ட நாள் அது. ஷியா முஸ்லிம்களுக்கு ஆண்டிலேயே மிகப் பெரிய துக்க நாள். ஈரான், ஈராக், பஹ்ரைன், லெபனான் நாடுகளில் நம்மோடு வியாபாரம் செய்கிறவர்களில் ஷியாக்கள் நிறைய. அவர்களுக்கு 'மொஹரம் வாழ்த்துகள்' என்று போனால் மனம் வருந்தும்.

இஸ்ரேலிய வாடிக்கையாளருக்கு யோம் கிப்பூர் அப்படிப்பட்ட ஒரு நாள். ஏறத்தாழ 25 மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் பாவமன்னிப்பு கேட்கிறார்கள். அதற்கு ஒன்பது நாள் முன்பு வரும் யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானாவுக்குத்தான் 'ஷானா தோவா' என்று வாழ்த்து சொல்வது வழக்கம். சீனாவில் ஏப்ரல் 4 அல்லது 5-ஆம் தேதி வரும் சிங்மிங் விடுமுறை, முன்னோர் கல்லறையைக் கூட்டித் துடைத்துப் படையல் வைக்கும் நாள். வங்கதேசத்தில் பிப்ரவரி 21, 1952-இல் வங்கமொழிக்காக உயிர்விட்ட மாணவர்களை நினைக்கும் நாள். டாக்காவில் வெறுங்காலோடு நடந்துபோய் ஷஹீத் மினாரில் மலர் வைப்பார்கள்.

இப்படிப்பட்ட நாட்களில் என்ன செய்யலாம்? ஒன்றும் அனுப்பாமல் இருப்பதே போதும். முந்தைய நாள் வேலை மெயில் போகிறதென்றால் அதன் கடைசியில், 'நாளை உங்களுக்கு விடுமுறை என்று அறிவோம், பதில் அடுத்த வாரம் வந்தால் போதும்' என்று ஒரு வரி சேர்க்கலாம். அந்த நாளை மதிக்கிறோம் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

பெயரைப் பார்த்து மதத்தை முடிவு செய்யாதீர்கள்

அடுத்த கேள்வி, யாருக்கு எந்தப் பண்டிகை என்பது. பெயரை வைத்து ஊகிப்பதுதான் எல்லோரும் செய்வது. அதில்தான் சிக்கலும் வருகிறது. எகிப்திலும் லெபனானிலும் அரபுப் பெயர் கொண்ட கிறிஸ்தவர்கள் ஏராளம். இந்தோனேசியாவில் இஸ்லாமியப் பெயர்போல் ஒலிக்கும் பெயருடைய கிறிஸ்தவர்களும், இந்துப் பெயர்போல் ஒலிக்கும் பெயருடைய முஸ்லிம்களும் சாதாரணம். லண்டன் முகவரியில் இருக்கும் பையர் குஜராத்தி ஜைனராக இருக்கலாம். அமெரிக்காவில் கிறிஸ்தவப் பெயருடையவர் எந்த மதத்தையும் பின்பற்றாதவராக இருக்கலாம். யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் கிறிஸ்துமஸே கொண்டாடுவதில்லை.

எனவே ஊகத்தை விட்டு, அவர் தாமாகத் தெரிவித்ததைப் பின்பற்றுவதே நல்ல வழி. 'ஈஸ்டருக்கு ஊருக்குப் போகிறேன்' என்று அவர் ஒருமுறை எழுதியிருப்பார். விடுப்பில் இருக்கும்போது தானாக வரும் பதில் மெயிலில் காரணம் இருக்கும். போன ஆண்டு அவர் நமக்கு அனுப்பிய வாழ்த்தில் எந்தச் சொல் இருந்ததோ, அதே சொல்லை இந்த ஆண்டு நாம் பயன்படுத்தலாம். இப்படித் தெரிந்திருந்தால் பண்டிகையின் பெயரைச் சொல்லியே வாழ்த்துங்கள். தெரிந்தும் பெயர் சொல்லாமல் பொத்தாம் பொதுவாக எழுதினால், பக்கத்தில் வந்தும் விலகி நிற்பதாகத் தோன்றும்.

தெரியாதவர்களுக்கு, அவர் நாட்டு விடுமுறையை வைத்து எழுதலாம். விடுமுறை எல்லோருக்கும் பொது. 'உங்கள் ஊரில் இந்த வாரக் கடைசியில் நீண்ட விடுமுறை. குடும்பத்தோடு நன்றாக ஓய்வெடுங்கள்' என்பது எந்த மதத்தவருக்கும் பொருந்தும். அமெரிக்காவில் டிசம்பரில் 'ஹேப்பி ஹாலிடேஸ்' என்று எழுதும் வழக்கம் வேரூன்றியது இதற்காகத்தான். அதே காலத்தில் ஹனுக்கா கொண்டாடும் யூதர்களும் அங்கே நிறைய. ஆனால் ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் அலுவலக மெயில்களில் கிறிஸ்துமஸ் என்று பெயர் சொல்லி வாழ்த்துவது இன்றும் சகஜம்தான். அங்கே அமெரிக்க வழக்கத்தைக் கொண்டுபோக வேண்டியதில்லை.

நம் பண்டிகைக்கு நாம் அவர்களுக்கு வாழ்த்து அனுப்பலாமா என்று பலர் தயங்குகிறார்கள். தாராளமாக அனுப்பலாம், எழுதும் விதம்தான் கொஞ்சம் மாற வேண்டும். பொங்கலைக் கேள்விப்படாத ஒருவருக்கு 'ஹேப்பி பொங்கல்' என்று மட்டும் அனுப்பினால் அவருக்கு அதில் பிடிப்பதற்கு எதுவுமில்லை. 'எங்கள் ஊரில் இன்று பொங்கல், அறுவடைத் திருநாள். வாசலில் கோலம் போட்டு, புது அரிசியில் பொங்கல் வைத்து, பொங்கி வழியும்போது பிள்ளைகள் கூவுவார்கள். எங்கள் யூனிட் திங்கள்கிழமை திறக்கும். இந்த ஆண்டு உங்களுக்கும் நிறைவாக அமையட்டும்' என்று எழுதினால், நம் வீட்டுக்குள் ஓர் எட்டு அழைத்துவிட்டு வந்தது மாதிரி ஆகிவிடும். யூனிட் என்று திறக்கும் என்கிற, அவருக்குத் தேவையான செய்தியும் அதிலேயே போய்ச் சேரும்.

தேதிதான் அதிகம் ஏமாற்றும்

இஸ்லாமிய ஆண்டு நிலவைக் கொண்டு எண்ணப்படுவது, ஏறத்தாழ 354 நாள். அதனால் ரமலானும் ஈதும் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். அதோடு, பிறை பார்த்த பிறகுதான் பெருநாள் உறுதியாகும். வளைகுடாவில் இன்று ஈத் என்றால், இந்தியாவிலும் வங்கதேசத்திலும் பெரும்பாலும் நாளை. ஆகவே காலண்டரில் அச்சிட்ட தேதியைப் பார்த்து, ஒரு வாரம் முன்பே மெயிலை எழுதி நேரம் குறித்து வைத்துவிட்டால், அவர் இன்னும் நோன்பில் இருக்கும்போதே ஈத் வாழ்த்து போய் நிற்கும். ஈத் கொண்டாட்டம் இரண்டு மூன்று நாள் நடப்பதால், ஒரு நாள் தாமதமாக வரும் வாழ்த்தை யாரும் தவறாக நினைப்பதில்லை. முந்திப்போவதுதான் பிழை. பிறை அறிவிப்பு முந்தைய நாள் மாலையிலேயே செய்தியில் வந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு அனுப்புவதற்கு ஐந்து நிமிடம் ஆகும்.

நம்மூர்ப் பழக்கம் ஒன்றும் இங்கே கவனிக்கத் தக்கது. தமிழ்நாட்டில் நாம் ரம்ஜான் என்று சொல்வது நோன்பு முடிந்து வரும் பெருநாளை. வெளிநாட்டில் அந்தப் பெயர் நோன்பு மாதத்தைக் குறிக்கும். மாதம் தொடங்கும்போது 'ரமலான் முபாரக்' அல்லது 'ரமலான் கரீம்', முடிந்து பெருநாள் வரும்போது 'ஈத் முபாரக்' என்று எழுதினால் குழப்பம் இல்லை. நம் பக்ரீத்துக்கும் 'ஈத் முபாரக்' பொருந்தும்.

கிறிஸ்தவ நாடுகளிலும் ஒரே தேதி கிடையாது. ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகள் ஈஸ்டரைப் பழைய ஜூலியன் நாட்காட்டிப்படி கணக்கிடுகின்றன. 2024-இல் மேற்கத்திய ஈஸ்டர் மார்ச் 31, ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர் மே 5. அடுத்த ஆண்டே இரண்டும் ஏப்ரல் 20 அன்று ஒன்றாக வந்தன. கிறிஸ்துமஸும் அப்படித்தான். ரஷ்யா, செர்பியா, எத்தியோப்பியா, எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்கள் ஜனவரி 7-இல் கொண்டாடுகிறார்கள். கிரீஸும் ருமேனியாவும் ஆர்த்தடாக்ஸ் நாடுகள்தான், ஆனாலும் அங்கே கிறிஸ்துமஸ் டிசம்பர் 25. உக்ரைன் 2023-இல்தான் ஜனவரி 7 அரசு விடுமுறையைக் கைவிட்டு, டிசம்பர் 25-ஐ மட்டும் கிறிஸ்துமஸ் விடுமுறையாக வைத்துக்கொண்டது.

ஜப்பானில் ஜனவரி 1 சாதாரணப் புத்தாண்டு என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே புத்தாண்டு வாழ்த்தை ஜனவரி பிறந்த பிறகுதான் சொல்வார்கள். டிசம்பரில் அனுப்பும் மெயிலில் 'இந்த ஆண்டு முழுவதும் உங்கள் ஆதரவுக்கு நன்றி, நல்லபடியாக ஆண்டை நிறைவு செய்யுங்கள்' என்ற பொருளில் எழுதுவதுதான் முறை. அந்த ஆண்டில் வீட்டில் ஒருவரை இழந்தவர்கள், 'இம்முறை புத்தாண்டு வாழ்த்துப் பரிமாற இயலாது' என்று நவம்பர், டிசம்பரிலேயே அஞ்சலட்டை போட்டுவிடுவார்கள். அப்படிப்பட்டவருக்கு 'புத்தாண்டு வாழ்த்துகள்' அனுப்பக் கூடாது. ஜனவரி 7 கழிந்த பிறகு, குளிர்கால நலம் விசாரித்து எழுதலாம். துக்கம் நடந்த ஆண்டில் நாமும் பண்டிகை கொண்டாடுவதில்லை என்பதால், தமிழர்களுக்கு இந்த வழக்கம் எளிதில் விளங்கும்.

ஓர் அலுவலகத்தின் மூன்று மாதம்

இவையெல்லாம் நடைமுறையில் எப்படி இருக்கும் என்று பார்ப்போம். திருப்பூரில் நடுத்தரமான ஒரு பின்னலாடை ஏற்றுமதி அலுவலகம். ஜிப்பும் பட்டனும் சீனாவின் நிங்போவிலிருந்து வருகின்றன. துபாயில் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கம்பெனி. முதலாளி அந்நாட்டவர், பர்ச்சேஸ் மேனேஜர் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர். ஹாம்பர்க்கில் ஒரு பையர், ஏதென்ஸில் ஒரு பையர். ஆண்டு 2026 என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆண்டில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பண்டிகைகள் வரிசைகட்டி வருகின்றன.

முதலில் பிப்ரவரி 17, சீனப் புத்தாண்டு. தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சொந்த ஊருக்குக் கிளம்புவதால், தொழிற்சாலைகள் ஒரு வாரம் பத்து நாள் முன்பே மெல்ல அடங்கத் தொடங்கும். பண்டிகை அன்று மெயில் அனுப்பினால் பார்க்க ஆள் இருக்காது. ஆகவே வாழ்த்து பிப்ரவரி முதல் வாரமே போக வேண்டும். 'இந்த ஆண்டு எங்கள் அவசர ஆர்டருக்காக உங்கள் பேக்கிங் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமையும் வேலை பார்த்ததை மறக்கவில்லை. அவர்கள் எல்லோரும் பத்திரமாக ஊர் போய்ச் சேரட்டும். உங்களுக்கும் குடும்பத்துக்கும் புத்தாண்டு வாழ்த்துகள்.' இவ்வளவுதான். இதில் உயிர் இருப்பது முதல் வரியில். அந்த வரியை வேறு எந்த சப்ளையருக்கும் அனுப்ப முடியாது. 'கோங் ஷீ ஃபா சாய்' என்று சேர்க்க விரும்பினால் சேர்க்கலாம். ஹாங்காங்கில் இருப்பவர் என்றால் அதைக் கான்டனீஸில் 'கோங் ஹே ஃபாட் சோய்' என்பார்கள். பதினைந்தாம் நாள் விளக்குத் திருவிழா, அந்த ஆண்டு மார்ச் 3. அதற்குள் பல ஆலைகள் முழு வேகத்துக்கு வந்துவிடும். ஆகவே புது ஆர்டர் பேச்சை மார்ச் முதல் வாரத்துக்கு வைத்துக்கொள்வது இருவருக்கும் நல்லது.

சீனப் புத்தாண்டுக்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ ரமலான் தொடக்கம். துபாய்க்கு இரண்டு மெயில். முதலாளிக்கு 'ரமலான் முபாரக், இந்த மாதம் உங்களுக்கும் குடும்பத்தாருக்கும் நலமும் அமைதியும் தரட்டும்' என்று மூன்றே வரி. மேனேஜருக்கு அந்த வாழ்த்து தேவையில்லை. ஆனால் ஐக்கிய அரபு அமீரகத்தில் ரமலான் மாதம் முழுவதும் தனியார் துறை ஊழியர்கள் எல்லோருக்கும், எந்த மதமானாலும், வேலை நேரம் தினமும் இரண்டு மணி குறைகிறது. அவருக்கு, 'ரமலான் நேரம் தொடங்கிவிட்டது. இனி போன் செய்வதென்றால் உங்கள் முற்பகலிலேயே செய்கிறோம்' என்று எழுதினால் அதைவிட அனுசரணையான சொல் வேறு இல்லை.

மார்ச் 20 அல்லது 21, ஈத். பிறை அறிவிப்பு வந்த மாலையில் முதலாளிக்கு 'ஈத் முபாரக்'. அந்த மெயிலில் ஷிப்மென்ட், பில் எதுவும் கிடையாது. ஈத் விடுமுறை முடிந்து அலுவலகம் திறந்த பிறகு வேலைப் பேச்சு.

ஏப்ரல் 5 மேற்கத்திய ஈஸ்டர். ஹாம்பர்க்கில் வெள்ளியும் திங்களும் அரசு விடுமுறை. ஆகவே வியாழன் ஏப்ரல் 2 அன்று, அவர்கள் வேலை நேரத்துக்குள், 'ஃப்ரோஹே ஓஸ்டர்ன்' என்று ஈஸ்டருக்கு வாழ்த்தி, 'செவ்வாய்க்கிழமை பேசலாம்' என்று முடித்தால் நான்கு நாளுக்கும் சேர்த்துச் சொன்னதாகிவிடும், புனித வெள்ளிக்கென்று தனியாக எதுவும் போகாது. துபாய் மேனேஜருக்குப் புனித வெள்ளியும் ஈஸ்டர் திங்களும் அங்கே வேலைநாள். அவருக்கு ஞாயிறு காலை ஒரு சின்ன வாட்ஸ்அப் போதும். கேரளச் சிரியன் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் மேற்கத்தியத் தேதியில்தான் ஈஸ்டர் கொண்டாடுகிறார்கள்.

இங்கேதான் ஏதென்ஸ் பையர் விஷயத்தில் கை தவறும். ஹாம்பர்க்குக்கு எழுதிய மெயிலையே பெயர் மாற்றி அவருக்கும் அனுப்பத் தோன்றும். ஆனால் அவருக்கு ஏப்ரல் 5 குருத்தோலை ஞாயிறு. ஈஸ்டர் ஏப்ரல் 12. நடுவில் இருப்பது ஆண்டிலேயே மிகவும் கனத்த வாரம், பலர் இறைச்சி உண்ணாமல் இருப்பார்கள். கிரேக்கர்கள் ஈஸ்டருக்கு முன்னால் சொல்லும் வாழ்த்து 'கலோ பாஸ்கா'. அதை ஏப்ரல் 8 அல்லது 9 அன்று அனுப்பினால், 'இந்தியாவிலிருந்து ஒருவர் எங்கள் ஈஸ்டர் வேறு என்று தெரிந்து எழுதியிருக்கிறாரே' என்று அவருக்குத் தோன்றும். ஐரோப்பாவுக்குள்ளிருந்தே பலர் அவருக்குத் தவறான வாரத்தில் வாழ்த்து அனுப்பியிருப்பார்கள்.

மூன்று மாதத்தில் மொத்தம் ஆறு வாழ்த்து, எதுவும் ஐந்து வரியைத் தாண்டவில்லை. எழுதும் நேரத்தைவிடத் தேதி பார்க்கும் நேரம்தான் அதிகம்.

வாழ்த்தைக் கெடுக்கும் விஷயங்கள்

முதலாவது, வாழ்த்துக்குள் வேலையைச் செருகுவது. 'ஈத் முபாரக். கடந்த மாத இன்வாய்ஸ் பேமென்ட் இன்னும் வரவில்லை, தயவுசெய்து கவனிக்கவும்' என்று ஒரே மெயிலில் எழுதினால், வாழ்த்து பேமென்ட்டுக்குப் போட்ட முன்னுரை ஆகிவிடும். கேட்க வேண்டிய பணத்தைக் கேட்கத்தான் வேண்டும். இரண்டு நாள் முன்போ பின்போ, தனி மெயிலில் கேளுங்கள். புது கலெக்‌ஷன் படமும், தள்ளுபடி அறிவிப்பும் இதே கணக்குதான். ஜெர்மனியில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. நியாயமற்ற போட்டியைத் தடுக்கும் அந்நாட்டுச் சட்டத்தின் ஏழாம் பிரிவு, முன் சம்மதம் பெறாமல் விளம்பர மெயில் அனுப்புவதைத் தடுக்கிறது. பல பேருக்கு ஒரே மாதிரி, கம்பெனிப் படம் போட்டு அனுப்பும் 'வாழ்த்து' விளம்பரமாகப் பார்க்கப்பட வாய்ப்பு உண்டு. ஒருவருக்கு ஒருவர் எழுதும் கடிதமாக இருந்தால் அந்தப் பேச்சே எழாது.

இரண்டாவது, எல்லா பையர்களின் முகவரியையும் ஒரே 'சிசி' வரிசையில் போட்டு அனுப்புவது. மெயில் திறந்ததும் ஒரு பையர் தன் போட்டிக் கம்பெனியின் பெயரை அதில் பார்க்கிறார். யார் யாருக்கு நாம் சரக்கு கொடுக்கிறோம் என்ற வியாபார ரகசியம் ஒரு கிளிக்கில் வெளியே போய்விடுகிறது. அந்த வரிசையில் ஒருவர் 'நன்றி' என்று எல்லோருக்கும் பதில் போட்டால் மறுபடியும் ஒரு சுற்று. பலருக்குச் சேர்த்து அனுப்பியே ஆக வேண்டுமென்றால் 'மெயில் மெர்ஜ்' கொண்டு தனித்தனியாக அனுப்புங்கள்; முகவரியும் பெயரும் பொருந்துகின்றனவா என்று முதலில் நம் சொந்த முகவரிக்கு இரண்டு மெயில் அனுப்பிப் பாருங்கள்.

மூன்றாவது, படத்தில் போடும் அரபு எழுத்து. வலமிருந்து இடமாக, ஒன்றோடொன்று சேர்ந்து எழுதப்படுவது அரபு. அரபுக்கு ஏற்ப அமைக்கப்படாத டிசைன் மென்பொருளில் 'ஈத் முபாரக்' என்று ஒட்டினால் எழுத்துகள் தனித்தனியாகப் பிரிந்து, வரிசையும் திரும்பிவிடும். ஃபான்ட் சரியாக இல்லாத பேனரில் நம் கொம்பும் காலும் எழுத்தைவிட்டு எங்கோ போய் நிற்குமே, அதைப் பார்த்தால் நமக்கு எப்படி இருக்கும், அப்படித்தான் அவருக்கும். அரபு தெரியாதவரும் இதைக் கண்டுபிடிக்கலாம். ஒரு அரபுச் செய்தி இணையதளத்தைத் திறந்து பாருங்கள், ஒரு சொல்லுக்குள் பெரும்பாலான எழுத்துகள் கைகோத்து நிற்கும். நம் படத்தில் எல்லா எழுத்தும் இடைவெளிவிட்டுத் தனியே நின்றால் அது உடைந்திருக்கிறது. சந்தேகம் இருந்தால் அரபை எடுத்துவிட்டு ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள்.

நான்காவது, அவர் ஊரில் நடந்ததை அறியாமல் அனுப்புவது. 2023 பிப்ரவரி 6 அன்று துருக்கியின் தென்கிழக்கில் நிலநடுக்கம் வந்தது. அந்நாட்டில் மட்டும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நோன்புப் பெருநாள் ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் வந்தது. அந்த ஆண்டு துருக்கிக்கு வழக்கமான பளபளப்பான வாழ்த்தட்டை பொருந்தியிருக்காது. 'இந்த பைராம் கனத்த மனத்தோடு வருகிறது என்பதை அறிவோம். உங்களுக்கும் உங்களைச் சேர்ந்தவர்களுக்கும் ஆறுதல் கிடைக்கட்டும்' என்ற அளவில் எழுதுவதே முறையாக இருந்திருக்கும். அனுப்பும் முன் அந்த நாட்டுச் செய்தித் தலைப்பு ஒன்றிரண்டைப் பார்த்துவிடுவது இதற்காகத்தான். போரும் பேரிடரும் இருக்கும் இடத்தில் 'கொண்டாட்டம்', 'மகிழ்ச்சி' என்ற சொற்களை விட்டுவிட்டு, நலத்தையும் பாதுகாப்பையும் விரும்பி எழுதுங்கள்.

ஒரு நோட்டு வேண்டும்

இவ்வளவையும் ஒருவர் மனத்தில் வைத்துக்கொள்ள முடியாது. எக்செல்லில் ஒரு பக்கம் போதும். ஐந்து கட்டங்கள்: ஆளின் பெயர், அவர் விரும்பும் அழைப்பு (குடும்பப் பெயரா முதற்பெயரா), அவர் நாட்டு விடுமுறைகள், அவர் தாமாகச் சொன்ன பண்டிகை, கடைசியாக அனுப்பிய வாழ்த்தில் என்ன எழுதினோம். கடைசிக் கட்டம் முக்கியம். போன ஆண்டு எழுதிய அதே வரியை இந்த ஆண்டும் அனுப்பினால் அவர் பழைய மெயிலைத் தேடும்போது இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நிற்கும். மதம் என்று ஒரு கட்டம் போடாதீர்கள். ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகள் ஒருவரின் மத நம்பிக்கையைத் தனிச் சிறப்புக் காப்புள்ள விவரமாகக் கருதுகின்றன. 'ஈஸ்டருக்கு ஏப்ரலில் ஊருக்குப் போவார்' என்று அவர் சொன்னதை எழுதி வைத்தால் நம் வேலைக்கு அது போதும்.

ஆண்டு தொடங்கும்போது, நோட்டில் இருக்கும் நாடுகளின் விடுமுறைப் பட்டியலை அந்தந்த அரசுத் தளத்தில் பார்த்துத் தேதிகளை நிரப்புங்கள். பிறையைப் பொறுத்த நாட்களுக்கு எதிரே 'அறிவிப்பு பார்த்து' என்று குறித்துக்கொள்ளுங்கள். துக்க நாட்களுக்கு எதிரே 'அனுப்பக் கூடாது' என்று எழுதுங்கள். இதை ஒருமுறை செய்ய அரை நாள் ஆகும். பிறகு மாதத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தால் போதும்.

பதில் வாழ்த்தும் இதில் சேரும். பையர் நமக்கு அனுப்பும் தீபாவளி வாழ்த்துக்கு அன்றைக்கே இரண்டு வரி பதில் போட வேண்டும். அலுவலகம் மூடியிருந்தாலும் போனிலிருந்து போடலாம். நூல் கொடுக்கும் ஜைன வியாபாரி பர்யூஷன் முடியும் நாளில் 'மிச்சாமி துக்கடம்' என்று அனுப்பினால், 'அறிந்தும் அறியாமலும் நான் செய்த பிழையைப் பொறுத்தருளுங்கள்' என்று அவர் கேட்கிறார். அதற்கு 'ஹேப்பி பர்யூஷன்' பதில் ஆகாது. அதே சொல்லைத் திருப்பிச் சொல்லி, 'நாங்களும் உங்களிடம் அதையே வேண்டுகிறோம்' என்பதுதான் பதில்.

மெர்ச்சண்டைசர்கள் கம்பெனி மாறுவார்கள், அது இந்தத் தொழிலின் இயல்பு. ஒருவர் போகும்போது, ஹாம்பர்க்காரர் காலையில் போன் செய்தால் பிடிக்காது, ஏதென்ஸ்காரருக்கு ஈஸ்டர் தேதி வேறு, நிங்போக்காரர் அம்மாவைப் பார்க்க ஆண்டுக்கு ஒருமுறைதான் ஊருக்குப் போகிறார் என்பதெல்லாம் அவரோடு போய்விடுகிறது. புதிதாக வருகிறவர் ஷிப்மென்ட் தேதியை ஃபைலில் பார்த்துத் தெரிந்துகொள்வார், இதைப் பார்க்க இடம் இருக்காது. நோட்டு இருந்தால் இருக்கும். ஆள் மாறினாலும் பையருக்கு அடுத்த ஈஸ்டரில் சரியான நாளில், சரியான சொல்லில் மெயில் வரும். அப்போதுதான், தன்னை நினைவில் வைத்திருப்பது ஒரு தனி ஊழியர் மட்டும் இல்லை, அந்தக் கம்பெனியே நினைவில் வைத்திருக்கிறது என்று அவர் நம்புவார்.